கடைசி வினைக்கு மட்டுமா காலம்?

பெரம்பலூரில் ஒரு பயிற்சி மையத்தில் தமிழாசிரியர் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன். அதே தேர்வை நானும் எழுதுகிறேன். வயது வரம்பில் இதுதான் எனக்குக் கடைசி முறை. போன முறை ஒரே மதிப்பெண்ணில் கோட்டைவிட்டேன்.

வினையெச்சம் என்றாலே எங்கள் வகுப்புக்குக் கண்ணைக் கட்டும். அதனால் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். “வந்து, சமைச்சு, சாப்பிட்டுப் போனாள். காலம், ஆளைக் காட்டுற இடம் ரெண்டும் கடைசி வினைக்குத்தான். மண்டையில ஏத்திக்கோங்க!” நாற்பது பேரும் ஏற்றிக்கொண்டார்கள்.

அது பாதிதான் சரி என்று எனக்குத் தெரியும். ‘வந்து’வைப் பிரித்தால் நடுவில் இறந்தகாலத் ‘த்’ இருக்கிறது. இல்லாதது ஆள் காட்டும் விகுதி. போவது நாளையே ஆனாலும், அதற்குமுன் வருவது முடிந்துவிடும். அந்த முடிவைத்தான் ‘த்’ சொல்கிறது. இதையெல்லாம் விளக்க நேரமில்லை என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. நான் தெரிந்ததைப் போட்டேன்: எச்சமும் காலம் காட்டும், இடம் காட்டுவது இறுதி வினை மட்டும். தற்காலிக விடைக்குறிப்பு வந்தபோது, என் குறுக்குவழியே சரியான விடையாக இருந்தது. அடக் கடவுளே! வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ஒரே பாராட்டு மழை.

மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள், இலக்கணப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மறுப்பு ஏற்கப்பட்டால் எனக்கு ஒன்று கூடும், என் வகுப்புக்கே ஒன்று குறையும். பேசாமல் இருந்தால் போன முறை போலவே ஒரு மதிப்பெண்ணில் போய்விடும். வசமாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பக்கத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது என் மாணவி ஒருத்தி உள்ளே வந்தாள். ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர் வழியாகப் பஸ் மாறி மாறி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள்.

“மேடம்! நீங்களும் அப்ஜெக்‌ஷனா? நான் உளவியல்ல ஒண்ணு போட வந்தேன். கூட்டிப் பார்த்தா அந்த ஒரு மார்க்லதான் மேடம் நிக்கிறேன். நீங்க சொல்லிக் குடுத்த வினையெச்சம்தான் காப்பாத்துச்சு.”

திரையை மறைக்க இடமில்லை. அவள் கேள்வி எண்ணைப் பார்த்துவிட்டாள்.

“இது அந்தக் கேள்விதானே? நீங்க என்ன மேடம் போட்டீங்க?”

“எச்சமும் காலம் காட்டும்னு.”

“அப்ப எங்களுக்கு?”

நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

“அனுப்பிடலாமா மேடம்? சர்வர் மூடிடும்,” என்றார் கடைக்காரர்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடைக்காரரிடம் அனுப்பச் சொல்லித் தலையாட்டினேன்.

“சரிங்க மேடம், சரியானதைத்தானே போடணும்,” என்றாள். உளவியல் மறுப்பைப் போடாமலே, அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.