ஐந்நூறுக்கு மேல் பதினெட்டு சதவீதம்

தக்கலையில் நான் பரிசுப்பொருள் கடை வைத்திருந்த நாட்களில் எனக்குக் கணக்குப் புலி என்று ஒரு நினைப்பு உண்டு. நினைப்பு என்னுடையதுதான், வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடைக்கு வருடம் முழுக்க வரும் வருமானம் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகும். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டியில்தான் நான் மூச்சு விடுவேன்.

2010-ஐ ஒட்டிய ஒரு வருடம் நான் போட்ட பெட்டி நல்ல பெட்டி, அதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. கால் கிலோ முந்திரிப்பருப்பு, அரைக் கிலோ பிளம் கேக், ஒரு குப்பி மார்த்தாண்டம் தேன், நேந்திரங்காய் சிப்ஸ், அப்புறம் எங்கள் ஊர்ப் பண்டமான முந்திரிக்கொத்து, இருபது உருண்டை. பொருளுக்கு மட்டும் இருநூற்று எழுபத்தைந்து ரூபாய் அடக்கம். அச்சடித்த அட்டைப்பெட்டி இருபத்தெட்டு. உள்தட்டு, கண்ணாடித்தாள், ரிப்பன், அடுக்குகிற பெண்களின் கூலி, வண்டி வாடகை, உடைசலுக்கென்று ஒதுக்குவது எல்லாம் பதினேழு. ஆக முந்நூற்று இருபது. அதன்மேல் இருபத்தைந்து சதவீதம் வைத்து நானூறு ரூபாய் என்று விலைப்பட்டியலில் போட்டேன்.

மொத்தமாக எடுப்பவர்களுக்குக் கழிவு கொடுக்க வேண்டும், அது தொழில் முறை. ஐம்பது பெட்டிக்கு மேல் ஐந்து சதவீதம், நூறுக்கு மேல் எட்டு, இருநூற்றைம்பதுக்கு மேல் பன்னிரண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டியலின் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஐந்நூறுக்கு மேல் பதினெட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். எந்தப் பயல் ஐந்நூறு கேட்கப் போகிறான் என்ற தைரியம் ஒன்று. கேட்டாலும் இருபத்தைந்தில் பதினெட்டு போனால் ஏழு சதவீதம் நிற்கும், பெட்டிக்கு இருபத்திரண்டு ரூபாய் என்ற கணக்கு இன்னொன்று.

ஒரு ரப்பர் கம்பெனி ஐந்நூற்று இருபது கேட்டது. மூன்று இடத்தில் ஆலை வைத்திருந்தவர்கள். ஆட்களின் காரியங்களைப் பார்க்கும் மேலாளர் என் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார், கடைசி வரியில் விரலை வைத்தார், ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பேரம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேருந்தில் வரும்போது லாபத்தை எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் கணக்கு உதைத்தது. இருபத்தைந்து சதவீதம் நான் வைத்தது முந்நூற்று இருபதின் மேல். கழிவு போவதோ நானூறின் மேல். நானூறில் பதினெட்டு சதவீதம் எழுபத்திரண்டு ரூபாய். விற்கும் விலை முந்நூற்று இருபத்தெட்டு. கையில் நிற்பது எட்டே ரூபாய். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யாத தப்பு. அந்த வாரமே முந்திரிப்பருப்பு கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறியது. கால் கிலோவுக்குப் பத்து. ஆக ஒவ்வொரு பெட்டிக்கும் என் கையிலிருந்து இரண்டு ரூபாய் வைத்து, மளிகைக் கடையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச மிட்டாய் மாதிரி ஊருக்குக் கொடுக்கப் போகிறேன்.

முந்திரிக்கொத்து செய்து தந்தவர் நெய்யூர்ப் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா. உறவில்லை, கடைக்கு வந்து பழக்கம். கணவர் இல்லை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்கும் வேலை. கொட்டையின் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். எனக்குப் பண்டம் செய்யும் காலத்துக்கு அங்கே லீவு சொல்லிவிட்டு, கை தேறுவதற்கு ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பார். அதற்குப் பிறகுதான் மாவில் கை வைப்பார். அவருடைய கொத்துக்கு நிகராக நான் எங்கும் தின்றதில்லை. சிறுபயறு வறுத்த பக்குவமும் சர்க்கரைப் பாகின் பதமும் அப்படி.

ஐந்நூற்று இருபது பெட்டி என்று முதலில் போனில் சொன்னபோதே அவர் கணக்குப் போட்டுவிட்டார். பத்தாயிரத்து நானூறு உருண்டை, ஒன்றுக்கு இரண்டரை ரூபாய். "மக்கா, இது கையில வந்தா பெரிய உருளியும் ரெண்டு அடுப்பும் வேங்கிப்போடுவேன். பொறவு வருசம் முழுக்க பண்டம் போட்டுப் பொழச்சிரலாம். அண்டி ஆபீசுக்கு இனிப் போகண்டாம்" என்றார். நானும் ஆமா என்றேன்.

நான் அவர் வீட்டுக்குப் போன அன்று காலையில் அட்டைப்பெட்டி அச்சகத்தில் இருந்துவிட்டுத்தான் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அச்சகத்துக்காரர், ஐந்நூறுக்கு மேல் என்றால் பெட்டி இருபத்திரண்டுக்குத் தரலாம் என்றார். அச்சுத்தகட்டின் செலவு ஒன்றுதான், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அதே தகடு, அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒன்றின் விலை இறங்கும் என்று விளக்கினார். ஆக ஆறு ரூபாய் மிச்சம். இரண்டு ரூபாய் நட்டம் போய், நாலு ரூபாய் லாபத்துக்கு வந்துவிட்டேன். அக்கா வீட்டு நடையில் செருப்பைக் கழற்றும்போது எனக்கு இது தெரியும். நட்டம் இல்லை என்று தெரிந்தே உள்ளே போனேன்.

"அக்கா, கம்பெனிக்காரங்க ரொம்ப நெருக்குறாங்க. அவங்களுக்கும் இந்த வருசம் பண முட்டுதான் போல. மொத்த ஆர்டர்லா, மொத்த ரேட் போடச் சொல்றாங்க. ரெண்டு ரூவாய்க்குத் தரணும்" என்றேன். கம்பெனிக்காரர் வாயே திறக்கவில்லை.

அவர் அடுப்பில் தேயிலைக்கு வெள்ளம் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "மாவும் சர்க்கரையும் மொத்தமா எடுத்தா கொஞ்சம் கொறயும் மக்கா. அது நானும் ஏற்கெனவே கூட்டியாச்சு. கை எப்பிடிக் கொறயும்? நூறாவது உருண்டைக்கு உள்ள பாடுதானே பத்தாயிரமாவது உருண்டைக்கும்?"

அச்சகத்துத் தகடு கதை அவர் கைக்குப் பொருந்தாது என்று காலையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். போதாததற்கு வேறொரு பாரமும் அவர் தலையில் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் முந்திரிக்கொத்தை மூன்று உருண்டை சேர்த்து ஒட்டிப் பொரிப்பதுதான் வழக்கம், கொத்து என்ற பேரே அதனால்தான். என் பெட்டியின் உள்தட்டில் குழி குழியாக இருக்கும், ஒரு குழிக்கு ஓர் உருண்டை. அதனால் தனித்தனியாக முக்கிப் பொரிக்கச் சொல்லியிருந்தேன். நேரமும் எண்ணெயும் கூடுதல். அதற்கு நான் ஒரு காசு ஏற்றித் தரவில்லை.

"வேற இடத்திலயும் கேட்டிருக்கேன்" என்றேன். அதுவும் பொய்.

அக்கா தேயிலையை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, "நாலு பெண்ணுங்ககிட்ட வேலைக்கு வரச் சொல்லியாச்சு. இனி இல்லன்னு எப்பிடிச் சொல்ல? செஞ்சு தாறேன் மக்கா" என்றார். தேயிலை நன்றாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு தவணையாக, பதினைந்து நாளில் செய்து கொடுத்தார்கள். கூட இருந்த நாலு பெண்களுக்கும் பேசிய கூலியில் அவர் கை வைக்கவில்லை. குறைந்த அரை ரூபாய் முழுக்க அவருடைய பங்கிலிருந்தே போனது. ஐயாயிரத்து இருநூறு ரூபாய். ஒரு உருண்டைகூடச் சிறுத்திருக்கவில்லை. நான் சிறுத்திருக்கும் என்று எதிர்பார்த்துத் தராசில் வைத்துப் பார்த்தேன், அந்த அளவுக்கு என் புத்தி போயிருந்தது. பெட்டிக்குப் பதினாலு ரூபாய் லாபத்தில் எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் நன்றாகவே போனது. பிள்ளைகளுக்குத் துணி எடுத்தேன். ஜனவரியில் அக்கா அண்டி ஆபீஸுக்குத் திரும்பிப் போனார் என்று கேள்விப்பட்டேன். உருளியும் வாங்கவில்லை, அடுப்பும் வாங்கவில்லை. வருத்தமாக இருந்தது. வருத்தப்பட்டதால் நான் நல்லவன் என்றும் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த அக்டோபரில் அந்த மேலாளர் தானாகக் கூப்பிட்டார். முந்திரிக்கொத்து கட்டாயம் இருக்க வேண்டும், போன வருடம் ஆட்கள் அதைத்தான் பேசினார்கள் என்றார். நேரில் போனேன். இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. கழிவைப் பட்டியல் விலையில் வைத்துக் கணக்குப் பார்த்து, பதினெட்டை எடுத்துவிட்டுப் பட்டியல் கொண்டுபோயிருந்தேன். விலை கூடியதற்கு நாலு காரணம் மனப்பாடம் செய்திருந்தேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை.

"கூடட்டும், அதுக்கென்ன? போன வருசமே தலைக்கு முந்நூற்றைம்பது ஒதுக்கியிருந்தோம். உங்க பட்டியல்ல கழிவு போக முந்நூற்று இருபத்தெட்டுதான் வந்துது. மிச்சம் அப்படியே கணக்குல திரும்பிப் போச்சு" என்றார்.

"நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

"தந்திருப்போம். கேட்டாத்தானே?"

பெட்டிக்கு இருபத்திரண்டு ரூபாய் அங்கே மேசையில் கிடந்திருக்கிறது. நான் அதை விட்டுவிட்டு நெய்யூருக்குப் போய் ஒரு பொம்பளையிடம் அரை அரை ரூபாயாகப் பிடுங்கியிருக்கிறேன். கம்பெனி மேலாளரிடம், "ஐயா, கணக்கில் தப்புச் செய்துவிட்டேன்" என்று சொல்ல எனக்கு வெட்கம். அக்காவிடம் பொய் சொல்ல எந்த வெட்கமும் இல்லை. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்கள். அரைத்தவன் நான்தான்.

அன்றைக்கே அண்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வேலை விட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். கறுத்த கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இந்த வருசம் மூணு ரூவா தாறேன். ஒட்டியே பொரிச்சுக் கொடுங்க, தட்டை நான் மாத்திக்கிறேன்" என்றேன். முன்பணமும் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

"கொள்ளாம் மக்கா, நல்ல ரேட்டுதான். ஆனா இனி என்னால ஒக்காது. போன வருசம் லீவு போட்டதுக்கே இங்க போனசுல பிடிச்சாவ. இனி லீவு போட்டா வேலையே போவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேறு ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அவள் நன்றாகச் செய்வாள், அவளுக்கு அந்த மூன்று ரூபாயைக் கொடு என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"அந்தக் கம்பெனி இப்பம் கொள்ளாமா மக்கா? போன வருசம் முட்டுன்னு சொன்னியே. எத்தனை பேருக்கு வேலை அதுல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை எல்லாம் அவியளுக்கும் சேர்த்து ஜெபிச்சேன்."

"இப்போ நல்லாயிருக்கு அக்கா" என்றேன்.