மாதனூருக்கு பஸ் வருமா?

காலை ஷிப்டுக்கு மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்தான் கதி. ஆம்பூரில் ஷூ தையல் பயிற்சி முடிக்கப்போகும் மாதனூர் பாரதிக்கு அதுதான் கவலை.

“கோர்ஸ் முடிஞ்சா வேலைக்கு இன்னா பண்ணுவீங்க சார்? சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுவீங்களா?”

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் எலியாசுக்கு மட்டும் என்று அவள் வாட்ஸப்பில் அனுப்பியது தவறி வகுப்பு குரூப்பில் விழுந்துவிட்டது. இருபது பேர் “எனக்கும் சொல்லுங்க சார்” என்றார்கள்.

மறுநாள் எலியாஸ் வகுப்புக்கே வந்தார்.

“இன்னாம்மா, ஊரையே கூட்டிட்ட! பரீட்சை பாஸானா மூணு கம்பெனி இன்டர்வியூவுக்கு நாங்களே கூட்டிட்டுப் போவோம். எடுக்கறது அவங்க இஷ்டம். சேந்தப்புறம் மூணு மாசம் போன் பண்ணி விசாரிப்போம்.”

“மாதனூருக்கு பஸ் வருமா சார்?”

“ரெண்டு கம்பெனியோட பஸ் வருது, மூணாவதோடது வராது.”

“அப்ப அந்த மூணாவதுக்கு நான் வரல சார்.”

வகுப்பே சிரித்தது.

“மொதல்ல பாஸாகும்மா,” என்றார் எலியாஸ்.