படமா எழுத்தா

உப்பளம் ஏரியாவுல நான் டைப் அடிச்சுக் கொடுக்கிற டி.டி.பி. சென்டர் வச்சிருந்தப்போ, யார் பி.டி.எஃப். கொண்டாந்து "சின்ன திருத்தம்தான்"னு சொன்னாலும் முதல்ல ஒண்ணைத்தான் பார்ப்பேன். உள்ள இருக்கிறது எழுத்தா, எழுத்தைப் பிடிச்ச படமா? பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுத்துன்னா எடுத்துத் திருத்திக்கலாம். ஸ்கேன் பண்ணின படம்னா, தமிழுக்கு அப்போ மொத்தத்தையும் திரும்ப அடிக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது. இதைப் பார்க்காம வேலைக்கு ரேட் சொல்றவனைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கருவடிக்குப்பத்துலேர்ந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. அந்தம்மா கல்லூரில தற்காலிக வேலை, அவருக்கு ஹார்டுவேர் கடை. அந்தம்மாவோட பிஎச்.டி. ஆய்வேட்டைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தாங்க. திங்கக்கிழமை கொடுக்கலைன்னா பதிவே போயிடும். வீட்டு கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு. மிச்சம் ஒரு சி.டி., அதுல ஒரே ஒரு பி.டி.எஃப்.

"நேத்து ஒரு கடையில பார்த்துட்டாங்க அக்கா. உள்ள ஒண்ணுமில்ல, எல்லாம் முதல்லேர்ந்து அடிக்கணும்னுட்டாங்க." அந்தம்மா கண்ணு வீங்கியிருந்தது.

வாசல்லேயே பைக் சாவியைச் சுழட்டிக்கிட்டு நின்னவரு, "போனது போகட்டும்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா. இதை முடிச்சு என்ன ஆகப்போகுது?"ன்னாரு. எனக்கு அவரை அப்பவே பிடிக்கல.

ஃபைலைத் திறந்து ஒரு வரி மேல மவுஸை இழுத்தேன். ஒவ்வொரு எழுத்தா நீலமாச்சு. பெருசாக்கிப் பார்த்தேன். எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் வழவழன்னு இருந்தது. படமா இருந்தா புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கும். அந்த வரியைக் காப்பி பண்ணி வேர்டுல போட்டேன். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கன்னாபின்னான்னு வந்து விழுந்தது.

"பாருங்க, அங்கேயும் இதேதான் வந்தது. குப்பை"ன்னாரு அவரு.

"சார், படத்துலேர்ந்து குப்பைகூட வராது. ஏதோ வருதுல்ல, அப்போ உள்ள எழுத்து இருக்கு. பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சது. உள்ளுக்குள்ள அது ஆங்கில எழுத்துதான், மேல மாட்டியிருக்கிற சட்டைதான் தமிழு. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க."

ஃபைலோட விவரத்துல எழுத்துரு பேர் இருந்தது. என்கிட்ட அது எப்பவோ இருக்கு. குப்பை மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவுக்கு மாத்தினேன். அப்படியே தமிழாயிடுச்சு. அங்கங்க ஓரெழுத்து காணாமப் போயிருந்தது, வரிக்கு வரி எண்டர் விழுந்திருந்தது. அதெல்லாம் உட்கார்ந்து சரி பண்ணிக்கலாம். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவேயில்ல. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், ஏன் மறைக்கணும்.

ஆனா ஒரு பக்கம் எழுத்துன்னா எல்லாப் பக்கமும் எழுத்துன்னு அர்த்தமில்ல. ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்துக்கிட்டே வந்தேன். கடைசிப் பக்கங்கள்ல எழுத்து பிடிபடல, பக்கம் முழுக்க ஒரே கட்டமா நீலமாச்சு. பிள்ளைச்சாவடியில மீன் விக்கிற பொம்பளைங்ககிட்ட அந்தம்மா எடுத்த பேட்டிங்க. முன்னாடியே டைப்ரைட்டர்ல அடிச்சு வச்சிருந்ததை ஸ்கேன் பண்ணிச் சேர்த்திருக்காங்க. பாதித் திருத்தம் அங்கதான் சொல்லியிருந்தாங்க.

"இது படம்தான். அடிச்சே ஆகணும். யாராவது படிச்சுச் சொன்னா சீக்கிரம் ஆகும்"னேன். என் கை மத்த பக்கங்கள்ல இருந்தது. அந்தம்மா பக்கத்து கம்ப்யூட்டர்ல அடிக்க உட்கார்ந்தாங்க. படிச்சுச் சொல்ல வேற யாரும் இல்ல. அவரு சாவியைப் பாக்கெட்டுல போட்டுட்டு வந்து, நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை வாங்கி முணுமுணுத்துக்கிட்டே படிக்க ஆரம்பிச்சாரு.

ஞாயித்துக்கிழமையும் அதே மாதிரி. சாயங்காலமா ஒரு பேட்டி வந்தது. "விடிகாலைல கூடைய தூக்கினா பொழுது சாயத்தான் வூட்டுக்கு வரேன். எங்க போன, என்னா பண்ணனன்னு அந்தாளு ஒரு நாளும் கேட்டதில்ல." படிச்சுட்டு நிறுத்திட்டாரு. தூங்கிட்டாரோன்னு திட்டத் திரும்பினேன். தாளையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"பிள்ளைச்சாவடிக்கு நீ எப்போ போன?"

"நீங்க கடைக்குக் கிளம்பினப்புறம். ரெண்டு வருஷம் போனேன்." அந்தம்மா திரும்பல, கை விசைப்பலகை மேலேயே இருந்தது. "அடுத்த வரி சொல்லுங்க."

நான் என் பக்கத்துத் திருத்தத்துக்குத் திரும்பினேன். அவரு தொண்டையைச் செருமிக்கிட்டு அடுத்த வரியைப் படிச்சாரு. அதுக்கப்புறம் முணுமுணுப்பு இல்ல, எங்களுக்கு நல்லா காதுல விழற மாதிரி படிச்சாரு.