அடையில் கலந்த முட்டை

என் மனைவி சைவம். நான் கிறிஸ்தவன், எல்லாம் சாப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்பே அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க வெளிய எதுனா சாப்புடுங்க. வூட்டுக்குள்ள வேணாம்." சேரப்பணஞ்சேரி வீட்டில் பத்து வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. சிறுநீரில் சில சொட்டுகளை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் செங்கல் நிறத்துக்கு மாறும்; சர்க்கரை அவ்வளவு அதிகம். அரிசிதான் விஷம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சோற்றைக் குறைத்தாள், அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. ரசம், ஒரு கரண்டி சோறு, ஊறுகாய். மூன்று மாதத்தில் வளையல் முழங்கை வரை ஏறியது.

படப்பை டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "சதை கரைஞ்சிகினு வருது. சக்கரையும் அடங்கல. புரதம் வேணும். முட்டை குடுங்க."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து மாலையில் நானே அடை சுடத் தொடங்கினேன். அவளுக்குச் சந்தோஷம். மாவில் ஒரு முட்டையை உடைத்து அடித்துக் கலந்தேன். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை போட்டு வாசனையை மறைத்தேன். முட்டை ஓடுகளைக் காகிதத்தில் சுற்றி என் சாப்பாட்டுப் பையில் வைத்து, மறுநாள் பட்டறைக் குப்பையில் போடுவேன். ஒன்பது நாள் அப்படியே போயிற்று. பத்தாம் நாள் காலை பையை எடுத்துப் போக மறந்தேன்.

திரும்பி வந்தபோது அந்தக் காகிதம் பிரித்தபடி அடுப்பு மேடையில் கிடந்தது.

"இது இன்னாங்க?"

"டாக்டர் சொன்னாரே... உன் நல்லதுக்குத்தான்."

"என்னாண்ட கேட்டீங்களா?"

கொல்லைப்பக்கம் போய் விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தாள். அன்றிலிருந்து, தான் பார்க்காமல் நான் தொட்ட எதையும் அவள் வாயில் வைக்கவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். அங்கே உணவு சொல்லித்தரும் அம்மா ஒருவர் இருந்தார். முட்டை விஷயத்தை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம்தான் பேசினார்.

"முட்டை இல்லாமலே முடியும்மா. பருப்பு, பயறு, கொண்டைக்கடலையில புரதம் இருக்கு, மாவுச்சத்தும் இருக்கு. அதனால சோத்தைக் குறைச்ச இடத்துல அதை வைக்கணும். சோத்துக்கு மேல சேர்த்தா சக்கரை ஏறும். தயிர் நல்லது, ஆனா ஒரு கிண்ணத்துல புரதம் கொஞ்சம்தான். அதே பாலைத் திரிச்சு பன்னீரா கட்டினா புரதம் அதிகம், மாவுச்சத்து ரொம்பக் கம்மி. கொழுப்பு ஜாஸ்தி, அதனால அளவா. வேர்க்கடலை ஒரு கைப்பிடி போதும், எண்ணெய் ஜாஸ்தி. எல்லாத்துலயும் புரதம் அதிகம் சோயாப் பயறுல செஞ்ச உருண்டையில. கொழுப்பும் கம்மி."

அன்றே நகரத்தில் ஒரு பாக்கெட் சோயா வாங்கினேன். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து அவளே குழம்பு வைத்தாள். முதல் உருண்டையைக் கடித்ததும் துப்பினாள்.

"கறி மாரி கீது. நெசமாவே இது பயறுதானா?"

"சத்தியமா பயறுதான்."

"ஒங்க சத்தியத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

சோயா அன்றோடு முடிந்தது. எல்லாவற்றிலும் அதிகப் புரதம் உள்ளதை அவளிடமிருந்து பிடுங்கியது நான்தான்.

மிச்சமிருந்ததை வைத்து ஓட்டினோம். அவள் பார்த்துக்கொண்டிருக்க, பாலை எலுமிச்சை பிழிந்து திரித்து, துணியில் கட்டித் தொங்கவிடுவேன். காலையில் பச்சைப்பயறு தோசை, மதியம் பாதிச் சோறும் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் சுண்டல். நீல மருந்து செங்கல் நிறத்துக்குப் போகாமல் பச்சையோடு நிற்க ஆரம்பித்தது; சர்க்கரை குறைந்திருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. "உப்பு போதும்", "இன்னும் வேகணும்" என்பதோடு சரி.

நான்கு வருஷம் கழித்து அவள் கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டிருந்தது. இனிமேல் புரதத்தையும் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நான் குடுத்ததாலயா சார்?"

"இல்ல. தெரியறதுக்கு முன்னாலயே பல வருஷம் சக்கரை இருந்திருக்கு. அது பண்ண வேலை."

நம்ப முயன்றேன். சுண்டலை நிறுத்தினேன். பன்னீரை நிறுத்தினேன். பருப்பு அரைக் கரண்டியாயிற்று. பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக என் கையாலேயே எடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் இறந்தாள். சடங்குகளை அவள் அண்ணன்தான் செய்தார். பிண்டச் சோற்றைப் பிசையும்போது நான் உதவ முன்வந்தேன். "நீங்க தொட வேணாம்" என்றார். முட்டை விஷயத்தை அவரிடம் அவள் சொல்லியிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.