சுபோதினியக்காவின் பன்னிரண்டு மணித்தியாலம்

சுபோதினியக்காவுக்கு முதுகுவலி இல்லாத நாளை நான் கண்டதில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, வெள்ளவத்தையில் நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்துக்கு ஏழே முக்காலுக்கு வந்துவிடுவார். வந்ததும் செருப்பைக் கழற்றி, வீங்கின காலை மேசைக்குக் கீழே ஒரு பழைய மருந்துப் பெட்டியின் மேல் தூக்கி வைப்பார். அதன் பிறகுதான் எனக்குக் காலை வணக்கம்.

அவர் வேலை, முதியவர்களைப் பராமரிக்கும் முப்பத்தொரு அற்றெண்டன்களின் நேரத்தைக் கணக்கெடுப்பது. வாசலில் காவலாளியின் முன்னால் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். வரும்போதும் போகும்போதும் நேரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அந்தப் புத்தகத்தை எடுத்து, போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்து, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் விட்டு, ஆளுக்கொரு டைம்ஷீட் போடுவார். வாரநாளில் எட்டு, சனிக்கிழமை ஐந்து, ஆக நாற்பத்தைந்து. அதற்கு மேலே எல்லாம் ஓட்டி, அதாவது மேலதிக நேரம், அதற்குத் தனிச் சம்பளம். கடைசியில் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நாற்பத்தைந்து நிமிடத்தைப் புள்ளி நாற்பத்தைந்து என்று அடித்துவிடக் கூடாது, முக்கால் மணித்தியாலம் என்றால் புள்ளி எழுபத்தைந்து. இதை என் மண்டையில் ஏற்றியவரும் அவர்தான். நான் பக்கத்து மேசையில் சாமான் கொள்வனவு பார்ப்பவள். கணக்கில் மந்தம்.

இன்னொரு வேலையும் செய்வார். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். வாரத்துக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டி கூடாது என்பது சட்டம். கொள்ளுப்பிட்டியில் இருந்த தலைமையகம் சட்டத்தை மதிக்கும் விதம், பன்னிரண்டுக்கு மேல் வந்ததை வெட்டி எறிவது. ஆளைக் கூடுதலாக எடுக்க மாட்டார்கள், வெட்ட மட்டும் தெரியும். அதனால் அக்கா, கூடின மணித்தியாலத்தை ஒரு சின்னக் கொப்பியில் பெயருக்கு நேரே எழுதி வைத்து, வேலை குறைந்த வேறொரு வாரத்தில் சேர்த்துவிடுவார். ஒருவருக்கும் ஒரு நிமிடம் வீண் போகாது.

"கார்மென்ற் தொழிற்சாலையில இருக்கேக்க என்ர ஓட்டியையும் இப்பிடித்தான் வெட்டினவங்கள்," என்றார் ஒருமுறை. "அப்ப எனக்காக எழுத ஒருத்தரும் இருக்கேல்ல."

மூன்று வருடம் இப்படிப் போனது. நானும் அதைப் புண்ணியம் என்றுதான் நினைத்தேன்.

சீனியம்மா எங்கள் அற்றெண்டன்களில் ஒருத்தி. மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருப்பவள். வயது நாற்பத்து நான்கு. பேச்சுக் குறைவு, தூக்குகிற கை பலம். அந்த வாரம் இரண்டு பேர் லீவு. வெள்ளிக்கிழமை காலை ஏழுக்கு வந்தவள் இரவு பத்துக்குத்தான் போனாள். சனிக்கிழமை காலை ஏழுக்குத் திரும்ப வந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு, கட்டிலருகே கதிரையில் இருந்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். கட்டிலில் இருந்த மேபல் அம்மா இறங்கப் பார்த்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்கை மட்டும் கறுத்துப் போனது. அவருடைய மகன் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். சீனியம்மாவை வேலைக்கு வர வேண்டாம், புதன்கிழமை விசாரணைக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். தூங்கினது நிரூபணமானால் வேலை போகும்.

இதெல்லாம் திங்கட்கிழமை எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அக்கா வழக்கம்போல டைம்ஷீட் போட்டார். சீனியம்மாவின் ஓட்டி இருபது மணித்தியாலம் நாற்பத்தைந்து நிமிடம் வந்தது. எட்டே முக்காலைக் கொப்பிக்கு மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமையில் ஐந்து, புதன்கிழமையில் மூன்றே முக்கால் குறைத்தார். பன்னிரண்டு சரியாக வந்தது. சீனியம்மா வாசல்வரை வந்து டைம்ஷீட்டில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை பழகிவிட்டால் மூளை லீவு போட்டுவிடும் போல.

புதன்கிழமை தலைமையகத்திலிருந்து கிளெமென்ற் வந்தார். குரல் உயர்த்தாத மனிதர். குறிப்பெடுக்க என்னையும், பதிவுகளுக்காக அக்காவையும் கூப்பிட்டிருந்தார். டைம்ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சீனியம்மா, வெள்ளிக்கிழமை நீங்க பின்னேரம் அஞ்சு மணிக்குப் போயிருக்கிறீங்க. அடுத்த நாள் ஏழு மணி வரைக்கும் பதினாலு மணித்தியாலம் ஓய்வு. பிறகு ஏன் நித்திரை வந்தது? வேற எங்கயும் வேலைக்குப் போறீங்களா?"

சீனியம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பத்து மணிக்குப் போனேன் என்று அவள் சொல்ல ஒரு வினாடி போதும்.

"இல்லீங்க சார்," என்றாள். "மிஸ் எழுதியிருந்தா சரியாத்தாங்க இருக்கும். தூங்குனது என் தப்புங்க."

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் ஓட்டி வெட்டுப்படாமல் வந்த மூன்று வருடத்துக்காக வாயை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஆனாலும் ஐந்து மணி என்றே நானும் குறிப்பில் எழுதினேன். அதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அக்கா எழுந்தார். செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு வாசலுக்குப் போய்ப் புத்தகத்தைத் தூக்கி வந்தார். சின்னக் கொப்பியையும் அதன் மேல் வைத்தார்.

"இதில பாருங்கோ. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அவவின்ர கையெழுத்து, காவலாளியின்ர கையெழுத்து. அந்த வாரம் அவ வேலை செய்தது அறுபத்தைஞ்சே முக்கால் மணித்தியாலம். ஐம்பத்தேழு எண்டு எழுதினது நான்."

கிளெமென்ற் பக்கங்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார்.

"எத்தினை காலமா?"

"மூண்டு வருஷம்."

"எல்லாருக்குமா?"

"ஓம். எல்லாருக்கும்."

"அவங்களுக்கு உதவி செய்யிறதா நினைச்சீங்க."

"ஓம்," என்றார் அக்கா. "ஆனா என்ர ஷீற்றில ஒருத்தரும் களைச்சுப் போகேல்ல. அதால மேல இருந்து ஒருத்தரும் ஆள் போடவும் இல்லை. அதை இண்டைக்குத்தான் யோசிச்சனான்."

சீனியம்மாவை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்ப எடுத்தார்கள். பதிவைத் திருத்தினதற்காக அக்காவை மாத முடிவோடு நிறுத்தினார்கள். போவதற்கு முன் அந்த மூன்று வருட டைம்ஷீட்டையும் உள்ளபடி திருப்பி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். கடைசி நாள்வரை ஏழே முக்காலுக்கு வந்தார். சில அற்றெண்டன்கள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, இனி ஓட்டி வெட்டுப்படுமே என்று. இரண்டு புதிய ஆட்களைத் தலைமையகம் போட்டது அவர் போன பிறகுதான்.

இப்போது டைம்ஷீட் என் மேசையில். ஆள் கூடினாலும் சில வாரம் ஓட்டி பன்னிரண்டைத் தாண்டத்தான் செய்கிறது. போன திங்கள் சீனியம்மா கையெழுத்துக்கு வந்தாள். இப்போதெல்லாம் விரலை வைத்து வரி வரியாக வாசிக்கிறாள். வியாழக்கிழமையில் விரல் நின்றது.

"மிஸ், நான் அன்னைக்கு ஏழரைக்குல்ல போனேன். நீங்க ஏழுன்னு போட்டிருக்கீங்க."

புத்தகத்தைப் பார்த்தேன். ஏழரைதான். என் கவனப்பிழை. ஆனால் திருத்தினால் ஓட்டி பன்னிரண்டரை ஆகும்.

"திருத்தலாம், சீனியம்மா. ஆனா அந்த அரை மணித்தியாலத்தை வெட்டிப் போடுவாங்கள். உங்களுக்கு ஒண்டும் வராது."

"வராட்டிப் போகுதுங்க," என்றாள். "அந்த அரை மணி நேரமும் நான் இங்கதாங்க இருந்தேன். அது எழுதியிருக்கணும்."

பன்னிரண்டரை என்று எழுதினேன். அவள் இன்னொரு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.