புரட்டாசியில் வெந்த கறி

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்தால் கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவாள் அம்மா. ஐப்பசி பிறக்கும்வரை முட்டைகூட வாசலைத் தாண்டாது. மற்ற பதினோரு மாதமும் கருவாட்டு வாடையில்லாமல் சோறு இறங்காதவள், அந்த ஒரு மாதம் மட்டும் பெருமாளுக்குப் பயந்து புளிக்குழம்பிலும் மோரிலும் காலத்தை ஓட்டுவாள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இருந்ததில்லை, பளு தூக்கப் போகும்வரை.

பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் ஜிம்முக்குப் போய்வந்தேன். ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அது. நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். என்னிடம் அவர் ஃபீஸ் வாங்கியதில்லை. என் அம்மா கூலிக்குக் களை எடுக்கிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவரைப் பற்றி இனி என்ன சொன்னாலும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் விழுப்புரத்தில் மாவட்டத் தேர்வுப் போட்டி, புரட்டாசிக் கடைசியில். ஐம்பத்தேழு கிலோ ஜூனியர் பிரிவில் நான் தூக்குகிற எடையைத் தூக்க வேறு ஆள் இல்லை. ஆனால் என் உடம்பு அறுபதில் நின்றது. அதற்கு மேல் பிரிவிலோ என்னை ஊதித் தள்ளுகிற ஒருத்தி இருந்தாள். எனக்கு ஜூனியரில் அதுதான் கடைசி வருஷம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கும் பெண்களோடு நிற்க வேண்டும். ஐம்பத்தேழுக்குள் இறங்கினால் மாநிலப் போட்டி, அங்கே ஒரு மெடல், அதைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை என்று நானும் அம்மாவும் கணக்குப் போட்டிருந்தோம்.

மாஸ்டர் ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். சோறு எவ்வளவு, முட்டை எத்தனை, எதில் எவ்வளவு கலோரி. சிக்கன் பிரெஸ்ட், தோல் இல்லாமல், நூறு கிராம், நூற்றிருபது கலோரி. எனக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம். அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ரோட்டோரக் கடையில் சரியாக நானூறு கிராம் நெஞ்சுக்கறி நிறுத்து வாங்கிவருவாள். மஞ்சளும் மிளகும் போட்டு, எண்ணெய் காட்டாமல் வேகவைத்துத் தட்டில் போடுவாள். வெந்த தண்ணீரைத் தன் சோற்றில் ஊற்றிக்கொள்வாள். ஆடி முடிந்து ஆவணியும் பாதி போனபோது உடம்பு ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் பசி வயிற்றைச் சுரண்டும். சுரண்டினால் இறங்குகிறது என்று அர்த்தம், போய்ப் படு என்பார் மாஸ்டர்.

அப்புறம் புரட்டாசி வந்தது.

"இந்த மாசம் மட்டும் பருப்பு துன்னேன்டி. உசுரா பூடும்?" என்றாள் அம்மா. நான் கத்தினேன். அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கறி வீட்டுக்குள் வரக்கூடாது. வெளியில் நான் என்ன தின்றாலும் அவள் கேட்கமாட்டாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருந்த பாயிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனுஷர்.

"ஒனக்குன்னு தனியா அவிச்சி வெக்கிறேன் தங்கச்சி. எண்ண கெடயாது, உப்புகூட கம்மியாத்தான் போடுவேன். எத்தினி கிராம் ஓணும்?"

"நானூறு கிராம் பாய்."

அவர் அவித்த துண்டுகளை அள்ளித் தராசில் வைத்து, முள் சரியாக நானூறில் நிற்கிறதா என்று என்னிடமே காட்டித்தான் இலையில் கட்டிக் கொடுப்பார். ஒரு நாள்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சார்ட்டிலும் நானூறு, தராசிலும் நானூறு. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

முதல் வாரம் உடம்பு இறங்கவில்லை. பெண் உடம்பு, தண்ணீர் நிற்கும், விடு என்றார் மாஸ்டர். அடுத்த வாரமும் பெயருக்குத்தான் இறங்கியது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ராத்திரிப் பசி போய்விட்டது. உடம்பு பழகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. வயிறு அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அதற்கடுத்த வாரம் மாஸ்டர் என்னை எல்லோருக்கும் முன்னால் எடைமிஷினில் ஏற்றினார். பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

"இன்னா துன்னுக்கினு கீற?"

"சார்ட்ல கீறதுதான் சார்."

"பஸ் ஸ்டாண்டாண்ட டெய்லி நிக்கிறியாமே. பரோட்டாவா?"

"எங்கம்மா சத்தியமா இல்ல சார். கறி வாங்கத்தான் போறேன்."

"ஒடம்பு பொய் சொல்லாதும்மா. மனுசங்கதான் சொல்லுவாங்க."

பையன்கள் சிரித்தார்கள். யாரோ மூலையிலிருந்து "ரெண்டு பரோட்டா, ஒரு சால்னா" என்று குரல் கொடுத்தான். மாஸ்டர் அவனை அதட்டவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது. ஃபீஸ் வாங்காத மனுஷரிடம் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். "பெருமாள் மாசத்துல கறி துன்னா ஏறாம இன்னா பண்ணும்?" என்றாள்.

தேர்வன்று விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் அரைக்கிலோ இருந்தது. நேரம் முடிவதற்குள் குறைத்துக்கொண்டு வரலாம் என்றார் எடை பார்த்த அதிகாரி. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வெயிலில் ஓடினேன். எச்சில் வற்றும்வரை துப்பினேன். மறுபடி ஏறினேன். இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நேரம் முடிந்துவிட்டது. மேல் பிரிவில் நிற்க விருப்பமா என்று கேட்டார்கள். நின்றேன். ஓடிய ஓட்டத்தில் கால் நடுங்கி, எப்போதும் தூக்குகிற எடையே மேலே வரவில்லை. மாஸ்டர் கடைசிவரை இருக்கவில்லை. நான் டவுன் பஸ் ஏறி ரயில்வே ஸ்டேஷன் போய், அங்கிருந்து தனியாக ஊர் வந்து சேர்ந்தேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு, அம்மா பரணிலிருந்து சட்டியை இறக்கினாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லைபோல. கேட்காமலே நெஞ்சுக்கறி நானூறு கிராம் வாங்கிவந்து, பழையபடி அவித்துத் தட்டில் வைத்தாள்.

தட்டைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பாயின் இலையில் இருக்கிற கறியில் முக்கால்வாசிகூட இல்லை.

"மீதி எங்க?"

"இன்னா மீதி?"

"நானூறு கிராம் இவ்ளோதானா? நீ எடுத்துக்கினியா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "ஒரு மாசமா வாய கட்டிக்கினு இருந்தவ, உன் தட்டுலேர்ந்தா எடுத்துத் துன்னப் போறேன்?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு எடைமிஷின் மேல் நின்று நான் பேசிய அதே குரல்.

ஓட்ஸ் அளக்க மாஸ்டர் கொடுத்த சின்னத் தராசு வீட்டில் இருந்தது. வெந்த கறியை அதில் வைத்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. கடையில் நிறுத்தது நானூறு, அம்மா ஒரு துண்டும் தொடவில்லை. மிச்ச நூற்றுப்பத்து கிராம் எங்கே போனது? சட்டியை எட்டிப் பார்த்தேன். அம்மா ஊற்றியது ஒரு டம்ளர் தண்ணீர்தான், உள்ளே அதைவிட அதிகமாகவே இருந்தது.

பச்சைக் கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு பட்டதும் சதை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ஈரத்துணியை முறுக்குகிற மாதிரிதான். போவது தண்ணீர், தண்ணீருக்குக் கலோரி கிடையாது. புரதமும் கொழுப்பும் கொஞ்சம் வெந்த தண்ணீரில் இறங்கினாலும் ஏறக்குறைய எல்லாமே துண்டிலேயே தங்கிவிடுகின்றன. அதே கலோரி இப்போது சின்னத் துண்டுக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பச்சையில் நூறு கிராமுக்கு நூற்றிருபது என்றால், வெந்ததில் அதே நூறு கிராமுக்கு நூற்று அறுபத்தைந்துக்குப் பக்கத்தில் வருகிறது. கறி மாறவில்லை, சமைத்ததால் புதிதாக எதுவும் சேரவும் இல்லை. பாய் நானூறு கிராம் வெந்த கறி நிறுத்துக் கொடுக்க, அவர் ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது கிராம் பச்சைக் கறியை அவித்திருக்க வேண்டும். நானூற்றெண்பது கலோரி என்று நினைத்து ஒவ்வொரு நாளும் அறுநூற்று அறுபதைத் தின்றிருக்கிறேன். ஒரு மாசத்துக்கு அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன். மண்டபத்தில் எனக்கு மிஞ்சிய எடைக்கு அது தாராளமாகப் போதும்.

பாய் மேல் தப்பில்லை. மாஸ்டர் ஆயுசுக்கும் பச்சைக் கறியை நிறுத்தே பழகியவர், அதனால் சார்ட்டில் பச்சை என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சாப்புடு, ஆறிப்பூடும்" என்றாள்.

மறுநாள் டிபன் பாக்ஸில் ஒரு பக்கம் பச்சைக் கறி, ஒரு பக்கம் அதே எடையிலிருந்து வேகவைத்தது என்று எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் முன்னால் இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினேன். பாய் கடைத் தராசைப் பற்றியும் சொன்னேன். அவர் செல்போனில் கணக்குப் போட்டார். இன்னொரு தடவை போட்டார். அப்புறம் எழுந்து போய், மார்க்கரால் சார்ட்டில் சிக்கன் பிரெஸ்டுக்குப் பக்கத்தில் 'பச்சை எடை' என்று பெரிசாக எழுதினார். எழுதிவிட்டு மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், அன்னைக்கி எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க இல்ல, நான் பொய் சொல்றேன்னு. அத எல்லாரு முன்னாடியும் மாத்திச் சொல்றீங்களா?"

அவர் திரும்பவில்லை. "அதெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கப் போறான்மா. மறந்துருப்பானுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை மூடக்கூட வரவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி எதிரே ஏறி வந்தாள். அவளோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டுச் சிநேகமாகச் சிரித்தாள்.

"பரோட்டா அக்கா நீங்கதானே?" என்றாள்.