வீட்டில் கேட்ட வார்த்தை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் சனிக்கிழமை காலை ஆறரை என்றால் கலிஃபோர்னியாவில் வெள்ளி மாலை. கீழே தண்ணீர் டேங்கரின் மோட்டார் உறும, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அங்கிருக்கும் நான்கு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். எழுத்து கிடையாது, பேச்சு மட்டும். வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அந்த வாரம் வீட்டில் காதில் விழுந்த, அர்த்தம் தெரியாத ஒரு வார்த்தையை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் 'கரண்டி', 'சோம்பேறி' என்றுதான் வரும்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் வேறு ரகம். சேர்க்கும்போதே அவள் அம்மா சொல்லியிருந்தார்: "அவளுக்குத் தமிழ் சுத்தமா புரியாது மேம். ஊருக்கு வந்தா நாலு வார்த்தை பேசினா போதும்." அந்தச் சிறுமி ஒரு வாரம் 'வக்கீல்' கொண்டுவந்தாள். கோர்ட்டில் நமக்காகப் பேசுபவர் என்றேன். "என் பூனைக்கு ஒரு வக்கீல் வேணும்" என்றான் இன்னொரு பையன். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரம் 'ஒத்துவராது'. இந்தச் செருப்பு எனக்கு ஒத்துவராது என்று உதாரணம் வேறு சொன்னேன். வீட்டில் நிறையத் தமிழ் பேசுகிறார்கள், நல்ல குடும்பம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னை என்னவென்று சொல்வது.

அதற்கடுத்த வாரம் முழு வாக்கியம் கேட்டிருந்தேன். அவள் முறை வந்தது. பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"பாப்பா யாருகிட்ட இருக்கணும்னு கோர்ட்டே சொல்லட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வக்கீல், ஒத்துவராது, கோர்ட். மூன்றையும் கோத்துப் பார்க்க எனக்குத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது. பேச்சை மாற்ற, "எல்லாரும் ஓடிப்போய் சிவப்பா ஒரு பொருள் எடுத்துட்டு வாங்க" என்றேன். மற்ற மூவரும் ஓடினார்கள். அவள் நகரவில்லை.

"பாப்பா நான்தான் மிஸ்" என்றாள்.

"அம்மாகிட்ட கேட்டியாம்மா?"

"எனக்குப் புரியும்னு அவங்களுக்குத் தெரியாது."

வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவுக்கு போன் செய்து, நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அவளுக்குப் புரியக்கூடாதுன்னுதான் மேம் நாங்க தமிழ்லயே பேசிக்கிட்டோம்" என்றார்.

அந்தத் தமிழைத்தான் அவர்கள் பணம் கட்டி என்னிடம் படிக்க வைத்திருக்கிறார்கள். "அவகிட்ட உட்கார்ந்து பேசுங்க. அவளுக்கு எல்லாமே புரியுது" என்றேன். சரி என்றார். பேசிவிடுவார்கள் என்றுதான் நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மற்ற மூவரும் தங்கள் வார்த்தைகளைச் சொல்லி முடித்தார்கள். அவளைப் பார்த்தேன்.

"இந்த வாரம் வார்த்தை இல்ல மிஸ்" என்றாள். "இப்ப கதவ சாத்திட்டுத்தான் பேசறாங்க."